புண்ணில் விடுவது எந்த ஈயின் புழு, அதை ஏன் கிருமியில்லாமல் வளர்க்கிறார்கள்?

ஒருவருடைய புண்ணில் புழு வைத்துவிட்டது என்று கேள்விப்பட்டால், கவனிக்க ஆளில்லாமல் கிடந்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் டாக்டரே எழுதிக்கொடுத்து, குளிர்ச்சியாகப் பொதிந்த குப்பியில் ஆஸ்பத்திரிக்கு வந்து, நர்ஸ் கையால் புண்ணில் விடப்படும் புழுக்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2004இல் இவற்றை ஒரு மருத்துவச் சாதனம் என்ற வகையில் அனுமதித்தது. அதே ஆண்டு பிரிட்டனில் குடும்ப டாக்டர்களும் இவற்றை மருந்துச் சீட்டில் எழுதலாம் என்று ஆனது.

தானாக வந்து சேர்ந்த புழுவும் சீட்டில் எழுதி வரவழைத்த புழுவும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சில சமயம் ஒரே இனமாகக்கூட இருக்கலாம். இரண்டையும் பிரிப்பவை இரண்டே விஷயங்கள்: அது எந்த ஈயின் புழு என்பது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்; அது கிருமியில்லாமல் வளர்ந்திருக்க வேண்டும். இந்தச் சிகிச்சையின் பாதுகாப்பு முழுவதும் இவற்றை நம்பித்தான் இருக்கிறது.

முதலில், புழு அங்கே என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். நீண்ட நாள் ஆறாத புண்களில் செத்துப்போன திசு ஒரு படலமாகப் படிந்திருக்கும். சில இடத்தில் மஞ்சளாக, கோழை மாதிரி வழுவழுப்பாக, சில இடத்தில் சாம்பல் நிறத்தில், சில இடத்தில் கறுப்பாக. இந்தப் படலம் இருக்கும்வரை அதன் கீழே புதுச் சதை வளர வழியில்லை. கிருமிகளுக்கு அது நல்ல மறைவிடமும்கூட; அங்கே ரத்த ஓட்டம் இல்லாததால் மாத்திரையில் போகும் ஆன்டிபயாடிக் போய்ச் சேராது. ஆகவே அதை அகற்றித்தான் ஆக வேண்டும். சர்ஜன் கத்தியால் அகற்றலாம், ஜெல் தடவிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்தும் அகற்றலாம். புழுக்களிடம் விடுவது மூன்றாவது வழி.

புழு கடித்துத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பல் கிடையாது. வாயருகே இரண்டு நுண்ணிய கொக்கிகள் உண்டு. அவற்றால் திசுவைப் பற்றிக் கீறி, பிடித்துக்கொண்டு நகர்கிறது. செரிமானம் நடப்பது வயிற்றுக்கு வெளியே. புரதத்தைக் கரைக்கும் நொதிகளைப் புண்ணின் மேல் உமிழ்கிறது, செத்த திசு கூழாகிறது, அந்தக் கூழை உறிஞ்சிக் குடிக்கிறது. கூழோடு சேர்ந்து போகும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி புழுவின் குடலிலேயே செத்துவிடும். அது உமிழும் திரவத்தில் கிருமியைக் கொல்லும் பொருட்களும் இருக்கின்றன. லூசிஃபென்சின் என்ற சிறிய புரதம் அப்படி அடையாளம் காணப்பட்ட ஒன்று. கூடவே வெளிவரும் அம்மோனியா புண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது.

உயிருள்ள திசுவை அந்த நொதிகள் ஏன் கரைப்பதில்லை? ஓரளவுக்கு அதுவும் பாதிக்கப்படத்தான் செய்கிறது. சுற்றியுள்ள நல்ல தோலில் திரவம் படிந்தால் சிவந்து எரியும். ஆனால் ரத்த ஓட்டமுள்ள திசுவுக்கு அந்த நொதிகளை முடக்கும் புரதங்கள் ரத்தத்தின் வழியாக வந்துகொண்டே இருக்கின்றன. செத்த திசுவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதோடு, புழுவின் சுபாவமும் முக்கியம். இங்கேதான் எந்த ஈ என்ற கேள்வி வருகிறது.

எல்லாப் புழுவும் ஒன்றல்ல

உலகம் முழுக்க இந்தச் சிகிச்சைக்கு அதிகம் பயன்படுவது லூசிலியா செரிக்காட்டா என்ற ஈ. உலோகப் பளபளப்போடு பச்சையாக இருக்கும், செத்த விலங்குகளைத் தேடி வந்து முட்டையிடும். அதன் நெருங்கிய உறவான லூசிலியா குப்ரினாவையும் மலேசியா போன்ற சில நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஊதுஈக்கள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. மனிதப் புண்ணில் இவற்றின் புழுக்கள் செத்த பகுதியோடு நின்றுகொள்ளும் என்பது பல ஆண்டு அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

இதே குடும்பத்தில்தான் திருகுப்புழு ஈக்களும் இருக்கின்றன. ஆசியா, ஆப்பிரிக்கா பகுதிகளில் கிரைசோமியா பெசியானா, அமெரிக்கக் கண்டங்களில் கோக்லியோமையா ஹோமினிவோராக்ஸ். இவற்றின் புழுக்களுக்கு வேண்டியது உயிருள்ள சதை. சிறிய சிராய்ப்பில் முட்டையிட்டாலே போதும், புழுக்கள் தலையை உள்ளே விட்டுத் திருகிக்கொண்டு ஆழமாகப் போகும். புண் நாளுக்கு நாள் பெரிதாகும், ரத்தம் கலந்த நீர் வடியும், அந்த வாடைக்கு இன்னும் ஈக்கள் வரும். கவனிக்காவிட்டால் ஆட்டையும் மாட்டையும் கொன்றுவிடும் புழு இது. மனிதர்களுக்கும் ஆபத்தானதுதான்.

சரி, பார்த்தே பிரித்துவிட முடியாதா? பொரித்த புதிதில் எல்லாமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், வெள்ளையாக, ஒரு முனை கூராக இருக்கும் துளிகள்தான். இனத்தைப் பிரித்தறிய வேண்டுமானால் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து வாய்க்கொக்கிகளையும் பின்முனையில் உள்ள மூச்சுத் துளைகளையும் பார்க்க வேண்டும். பல சமயம் புழுவை வளர்த்து ஈயாக்கித்தான் உறுதி செய்ய முடியும். அதனால்தான் வெளியிலிருந்து புழு பிடித்து வந்து புண்ணில் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சிகிச்சைக்கான புழு, தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்க்கப்படும், இனம் உறுதி செய்யப்பட்ட ஈக்கூட்டத்திலிருந்து மட்டுமே வர வேண்டும்.

லூசிலியாவும் அப்படியொன்றும் பரம சாது கிடையாது. ஈரமும் சாணமும் படிந்த கம்பளி உள்ள ஆடுகளில் இதே செரிக்காட்டாவும் குப்ரினாவும் முட்டையிட்டு, புழுக்கள் தோலையே அரித்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்ப்பவர்களுக்குக் குப்ரினா ஒரு பெரிய தலைவலி. ஆகவே ‘இந்த இனம் நல்லது, அந்த இனம் கெட்டது’ என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. எத்தனை புழு, எவ்வளவு நேரம், எந்தப் புண் என்பதெல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கும்போதுதான் நல்ல இனமும் நல்லபடி நடந்துகொள்கிறது. செத்த திசு தீர்ந்த பிறகும் புழுக்களை நாள் கணக்கில் விட்டுவைத்தால் நோயாளிக்கு வலிதான் மிஞ்சும்.

டெட்டனஸ் கற்றுக்கொடுத்தது

இனம் சரியாக இருந்தும் ஆபத்து வரலாம் என்பது மருத்துவ உலகுக்குக் கசப்பாகத்தான் தெரிந்தது. வில்லியம் பேயர் என்ற அமெரிக்க எலும்பு சர்ஜன் முதல் உலகப் போரில், 1917இல், பிரான்சில் இருந்தார். தொடை எலும்பு முறிந்து வெளியே தெரிய, வயிற்றிலும் காயத்தோடு இரண்டு வீரர்களைத் தூக்கி வந்தார்கள். ஏழு நாள் போர்க்களத்திலேயே கிடந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காயத்தோடு ஒருவர் பிழைப்பதே அரிது. இவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லை. உடையைக் களைந்தால் காயம் முழுக்கப் புழுக்கள். அவற்றைக் கழுவிவிட்டுப் பார்த்தபோது அடியில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை வளர்ந்திருந்தது.

பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்தபோது, எலும்பில் சீழ் பிடித்து ஆறாமல் கிடந்த நோயாளிகளிடம், குறிப்பாகக் குழந்தைகளிடம், பேயர் இதை முயன்று பார்த்தார். பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் நடுவில் சிலருக்கு டெட்டனஸும் வாயு அழுகல் நோயும் வந்துவிட்டன. புண்ணைச் சுத்தம் செய்ய வந்த புழுவே அந்தக் கிருமிகளையும் கொண்டுவந்திருந்தது. பேயர் சிகிச்சையைக் கைவிடவில்லை. புழுவைக் கிருமியில்லாமல் வளர்க்கும் முறையைத் தேடினார். அவருடைய முடிவுகள் 1931இல், அவர் இறந்த ஆண்டில், வெளிவந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் புழுக்களைப் பயன்படுத்தின. லெடர்லே என்ற மருந்து நிறுவனம் கிருமிநீக்கிய புழுக்களை விற்கவே செய்தது. 1940களில் பெனிசிலின் பரவலானதும் எல்லாம் மறக்கப்பட்டு, 1990ஐ ஒட்டி ரொனால்ட் ஷெர்மன் என்ற கலிஃபோர்னியா டாக்டர் மறுபடி கையில் எடுத்தார்.

வரலாற்றை இதோடு விட்டுவிடலாம். கிருமிகள் புழுவுக்குள் எப்படி வந்தன என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

தாய் ஈயின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். மலத்தில் உட்காரும், செத்த எலியின் மேல் உட்காரும், அங்கேயே உண்ணும், அங்கேயே முட்டையிடும். டெட்டனஸையும் வாயு அழுகலையும் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் மண்ணிலும் விலங்குகளின் குடலிலும் இருப்பவை. அவை நிலைமை மோசமானால் விதைத்துகள்களாக மாறி, வெயில், வறட்சி, சாதாரண கிருமிநாசினி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கும். ஈயின் காலிலும் வயிற்றுப்புறத்திலும் ஒட்டிக்கொண்டு வரும் இவை முட்டைகளின் மேல் படிகின்றன. புழு பொரித்து வெளியே வரும்போதே தன் உடம்பில் பூசிக்கொள்கிறது, முதல் வாய் உணவோடு விழுங்கவும் செய்கிறது.

இதே புழுவைக் கொண்டுபோய், ஆழமான, காற்றோட்டம் குறைந்த, செத்த திசு நிறைந்த ஒரு புண்ணில் வைத்தால் என்ன ஆகும்? டெட்டனஸ் கிருமிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. புழுவின் குடல் நிறைய பாக்டீரியாக்களைக் கொல்லும் என்று மேலே சொன்னேன். எல்லாவற்றையும் கொல்லும் என்று சொல்லவில்லை. விதைத்துகள்களை நம்பி அதன் பொறுப்பில் விட முடியாது.

முட்டையைக் கழுவுவதுதான் வழி

புழுவையே கழுவிச் சுத்தம் செய்துவிடலாமே என்று தோன்றும். உடம்பின் வெளிப்புறத்தைக் கழுவலாம். குடலுக்குள் போய்விட்டதை என்ன செய்வது? கத்தி, காஸ் துணி போன்றவற்றைச் செய்வது மாதிரி நீராவியில் வேகவைக்கவும் முடியாது, கதிர்வீச்சில் வைக்கவும் முடியாது. புழு உயிரோடு இருந்தால்தானே வேலை.

இதற்கு ஒரே ஒரு நல்ல சந்தர்ப்பம் இருக்கிறது, அது முட்டைப் பருவம். தாய் ஈ எவ்வளவு அசுத்தமாக இருந்தாலும் முட்டையின் உட்புறம் பொதுவாகக் கிருமியில்லாமல்தான் இருக்கும். அழுக்கெல்லாம் ஓட்டின் மேல். அந்த ஓடு கொஞ்ச நேரத்துக்குக் கிருமிநாசினியைத் தாங்கும். ஆகவே பொரிப்பதற்கு முன் ஓட்டின் மேல் உள்ளதைக் கொன்றுவிட்டு, அதன் பிறகு கிருமியில்லாத பாத்திரத்தில் பொரிக்கவிட்டால், வெளியே வரும் புழு உள்ளும் புறமும் சுத்தமாக இருக்கும்.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது? கூண்டில் உள்ள ஈக்களுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் எப்போதும் கிடைக்கும். பெண் ஈக்களுக்கு முட்டை முதிர வேண்டுமானால் புரதமும் வேண்டும். முட்டை தேவைப்படும் நாளில் ஒரு துண்டு ஈரலை உள்ளே வைப்பார்கள். சில மணி நேரத்தில் அதன் மடிப்புகளில் வெளிர்மஞ்சள் கொத்துகள் தெரியும். ஒவ்வொரு முட்டையும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம். ஒரு பெண் ஈ ஒரே தடவையில் இருநூறு வரைகூட இட்டுவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். முட்டைகள் தனித்தனியாக இருப்பதில்லை. பசை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கொத்தை அப்படியே கிருமிநாசினியில் போட்டால் வெளிப்பக்க முட்டைகள் மட்டும் நனையும். நடுவில் இரண்டு முட்டைகள் ஒட்டிய இடத்துக்குத் திரவம் போகவே போகாது. கழுவினோம் என்ற திருப்தி இருக்கும், கிருமியும் இருக்கும். அதனால் முதலில் அந்தப் பசையைக் கரைக்கும் ஒரு கரைசலில் போட்டு மெதுவாக அசைத்து, முட்டைகளை உதிரி உதிரியாகப் பிரிக்கிறார்கள். இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் மற்ற எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

அப்புறம் கிருமிநாசினி. ஸ்பிரிட் இங்கே போதாது, அது விதைத்துகள்களைக் கொல்லாது. பேயர் காலத்தில் பாதரசக் குளோரைடு பயன்பட்டது. பின்னாளில் ஃபார்மால்டிஹைடு, குளூட்டரால்டிஹைடு, சோடியம் ஹைப்போகுளோரைட் என்று வெவ்வேறு கூடங்கள் வெவ்வேறு பொருட்களைத் தேர்ந்தெடுத்தன. எதுவாக இருந்தாலும் பிரச்சினை ஒன்றுதான். கரைசல் வலுவாகவோ நேரம் கூடுதலாகவோ இருந்தால் முட்டைக்குள் இருக்கும் உயிர் போய்விடும். குறைந்தால் கிருமி தப்பிவிடும். அதற்கிடையே உள்ள குறுகிய இடைவெளியை ஒவ்வொரு கூடமும் தன் ஈக்களில் சோதித்துக் கண்டுபிடித்து, நிமிடக் கணக்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரு தொகுதி முட்டையில் எத்தனை பங்கு பொரிகிறது என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பது இதனால்தான். பொரிப்பது திடீரென்று குறைந்தால் கரைசல் வலுவாகிவிட்டது, அல்லது முட்டைகள் கூடாத வயதில் எடுக்கப்பட்டிருக்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும்.

இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வடிகட்டிய காற்று வீசும் மேசையில். கிருமிநீக்கிய நீரில் அலசி, கிருமிநீக்கிய உணவு வைத்த குப்பிகளுக்கு மாற்றுகிறார்கள். உணவில் ஈஸ்ட், சோயா போன்றவை இருக்கலாம். அதனால்தான் அவற்றுக்கு ஒவ்வாமை உண்டா என்று நோயாளியிடம் முன்கூட்டியே கேட்கிறார்கள். ஒரு நாளுக்குள் புழு பொரித்துவிடும்.

கழுவியது பலித்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. கிருமியுள்ள புழுவும் கிருமியில்லாத புழுவும் ஒரே மாதிரிதான் துறுதுறுவென்று நெளியும். ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் சில முட்டைகளையோ புழுக்களையோ எடுத்து, பாக்டீரியா வளரக்கூடிய சத்துக் குழம்பில் போட்டு உடல் சூட்டில் வைக்கிறார்கள். காற்று விரும்பும் கிருமிக்கு ஒரு குழாய், டெட்டனஸ் வகையறா மாதிரி காற்றை வெறுக்கும் கிருமிக்கு இன்னொரு குழாய். குழம்பு தெளிவாக நின்றால் சரி. கலங்கினால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்கு.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகச் சுவாரசியமாகப் படும் இடம் இதுதான். ஊசி மருந்துகளுக்கு மருந்தியல் நூல்கள் சொல்லும் கிருமியின்மைச் சோதனை 14 நாள் நடக்கும். புழுவுக்கு அவ்வளவு ஆயுள் ஏது? 14 நாள் காத்திருந்தால் அது கூட்டுப்புழுவாகி, ஈயாகவே மாறியிருக்கும். குளிரில் வைத்தால் வளர்ச்சி மெதுவாகும் என்றாலும், சில நாட்களுக்கு மேல் தாங்காது. பட்டினியில் பலவீனமான புழு புண்ணில் வேலை செய்யாது. ஆகவே ஓரிரு நாளில் தெரியும் முதற்கட்ட முடிவை வைத்துக்கொண்டுதான் குப்பியை அனுப்ப வேண்டியிருக்கிறது. மெதுவாக வளரும் கிருமி ஒன்று இருந்தால் அது பின்னால்தான் தெரியும். அதனால் இங்கே பாதுகாப்பு என்பது கடைசிச் சோதனையில் இல்லை. ஒவ்வொரு தொகுதியையும் ஒரே மாதிரி, ஒரே நிமிடக் கணக்கில் கழுவும் ஒழுங்கில் இருக்கிறது. சோதனை அந்த ஒழுங்கு குலையவில்லை என்பதைக் காட்டுவதற்குத்தான்.

ஒழுங்கு குலைந்த கதையும் உண்டு. 2002இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை, ப்ரோட்டோஃபோர்மியா டெர்ரேநோவே என்ற வேறொரு ஊதுஈயின் புழுக்களை வைத்துச் சிகிச்சை பெற்றவர்களில் அடுத்தடுத்து ரத்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டதைப் பதிவு செய்தது. விசாரித்ததில் புழுக்களே மாசுபட்டிருந்தன.

புண்ணில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் கிருமி இருக்கிறதே, புழு மட்டும் சுத்தமாக இருந்து என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புண்ணில் இருப்பவை அந்த நோயாளியின் உடம்போடு சில வாரங்களாவது பழகியவை. என்ன கிருமி என்று சோதித்தும் வைத்திருப்பார்கள். புழு புதிதாகக் கொண்டுவருவது முன்பின் தெரியாத ஒன்று. அதோடு, புழு கூர்ந்த கொக்கிகளால் கீறிக்கொண்டே நகர்வதால், அது கொண்டுவரும் கிருமி மேலே தங்காமல் உள்ளே போக வாய்ப்பு அதிகம்.

ஒரு புண், இரண்டு நாள்

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் குதிகாலில் புண், நீளம் 4 சென்டிமீட்டர், அகலம் 3. மேலே மஞ்சள் படலம், ஓரத்தில் தோலுக்கு அடியில் ஒரு சிறு குகை. காலில் ரத்த ஓட்டம் போதுமான அளவு இருக்கிறது என்று சோதித்தாயிற்று. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கவில்லை, பெரிய ரத்தக் குழாய் எதுவும் அருகில் இல்லை. இதெல்லாம் முக்கியம். பெரிய குழாய் பக்கத்தில் இருந்தாலோ, தொற்று மணிக்கு மணி மேலே ஏறிக்கொண்டிருந்தாலோ புழுவுக்கு இடமில்லை, சர்ஜனிடம்தான் போக வேண்டும்.

பரப்பு ஏறக்குறைய 12 சதுர சென்டிமீட்டர். வழக்கமான கணக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 8 புழு. ஆக 60 முதல் 96 வரை. குகை இருப்பதால் எண்பதை ஒட்டி விடலாம்.

நர்ஸ் புண்ணை உப்புநீரில் மட்டும் கழுவுகிறார். வழக்கமான கிருமிநாசினியோ பழைய ஜெல்லின் மிச்சமோ இருந்தால் புழு செத்துவிடும். சுற்றியுள்ள நல்ல தோலின் மேல், புண்ணின் வடிவத்தில் துளை வெட்டிய ஒட்டும் பட்டை ஒன்றை ஒட்டுகிறார். நொதி பட்டுத் தோல் புண்ணாகாமலிருக்க. குப்பியிலிருந்து ஈரக் காஸ் துணியில் புழுக்களை எடுத்துப் புண்ணில் வைக்கிறார். மேலே நுண்ணிய நைலான் வலை, நான்கு பக்கமும் பட்டையோடு ஒட்டப்படுகிறது. அதற்கும் மேலே வடியும் நீரை உறிஞ்ச ஒரு பஞ்சுத் திண்டு. பிளாஸ்டிக் தாளால் மூடவே கூடாது. புழு தலையைச் சதையில் புதைத்து, வால் முனையால் மூச்சு விடும் பிராணி. காற்று அடைபட்டால் மூச்சுத்திணறிச் சாகும், நீர் தேங்கினால் மூழ்கிச் சாகும்.

நோயாளி அந்தக் காலை ஊன்றக் கூடாது. குதிகாலில் உடம்பின் எடை விழுந்தால் புழுக்கள் நசுங்கிவிடும். முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, சிலருக்குக் குறுகுறுப்பு. மேல் திண்டு நனைந்ததும் மாற்றுவார்கள். வடிவது செம்பழுப்பாக, அம்மோனியா வாடையோடு இருக்கும், அது எதிர்பார்த்ததுதான். பளிச்சென்ற சிவப்பு ரத்தமோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலோ வந்தால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் புழு பருக்கப் பருக்க வலி கூடலாம், குறிப்பாகக் கால் உணர்வு மரத்துப்போகாதவர்களுக்கு. வலி மாத்திரை கொடுத்தும் தாங்கவில்லை என்றால் முன்னதாகவே எடுத்துவிடலாம்.

48 மணி நேரம் ஆனதும் வலையைப் பிரிக்கிறார்கள். வைக்கும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருந்தவை இப்போது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கொழுத்திருக்கும். வயிறு நிறைந்த புழு தானாகவே புண்ணை விட்டு வெளியே வரப் பார்க்கும். கூட்டுப்புழுவாக அதற்கு உலர்ந்த இடம் வேண்டும். புண்ணுக்குள்ளேயே குஞ்சு பொரித்துப் பெருகிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஈயாகாமல் முட்டையிட முடியாது, புண்ணுக்குள் ஈயாக முடியாது. ஆகவே அந்தப் பயம் வேண்டாம். குகைக்குள் ஒளிந்திருப்பவற்றை உப்புநீர் பீய்ச்சினால் போதும், வெளியே வந்துவிடும். 72 மணிக்கு மேல் விட்டுவைப்பதில்லை.

சில சமயம் பிரித்துப் பார்த்தால் புழுக்கள் சிறியதாக, அசையாமல் கிடக்கும். மூடி இறுக்கமாக இருந்ததா, நீர் தேங்கியதா என்று முதலில் பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் புண்ணில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா நிறைய இருக்கலாம். புழுவைக் கொல்லும் வல்லமை அதற்கு உண்டு. பச்சை நிறத்தில் வடிவது அதன் அடையாளங்களில் ஒன்று. அப்போது முதலில் அதை அடக்கிவிட்டு மறுபடி புழு வைக்க வேண்டும். தோல் மாதிரி காய்ந்து கறுத்த பொருக்கின் மேலும் புழு வேலை செய்யாது. அதை முன்பே ஊறவைத்துத் தளர்த்த வேண்டும்.

புழுக்களைத் தேயிலைப் பை மாதிரி ஒரு மூடிய வலைப்பைக்குள் வைத்துப் புண்ணின் மேல் போடும் முறையும் உண்டு. தப்பி ஓடும் தொல்லை இல்லை, நோயாளிக்கும் அருவருப்பு குறைவு. ஆனால் புழு குகைக்குள் போக முடியாது, வேலை மெதுவாகும். பிரிட்டனில் கால் புண் நோயாளிகள் 267 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், புண் சுத்தமாக ஆன நாட்கள் ஏறக்குறைய இப்படி இருந்தன: புழுவைத் தனியே விட்டால் 14, பையில் வைத்தால் 28, ஜெல் தடவினால் 72. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. புண் முழுதாக ஆறி மூடிய நாளில் இவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை; புழு வைத்தவர்களுக்கு வலி அதிகம். படலத்தை அகற்றுவது புழுவின் வேலை. அதன் பிறகு புண் மூட ரத்த ஓட்டம், சர்க்கரைக் கட்டுப்பாடு, காலில் அழுத்தம் விழாமல் பார்ப்பது எல்லாம் சேர வேண்டும்.

நம் நோயாளிக்குப் பாதிப் படலம்தான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு சுற்று வைப்பார்கள், புதுக் குப்பியிலிருந்து. எடுத்த புழுக்களைத் திரும்ப அவருக்கோ வேறொருவருக்கோ வைக்க முடியாது. இரண்டு நாளாக அந்தப் புண்ணில் மேய்ந்ததால், அங்கிருந்த கிருமியெல்லாம் இப்போது அவற்றின் உடம்பில் இருக்கிறது. அவற்றை இரட்டைப் பையில் கட்டி, தொற்றுள்ள ஆஸ்பத்திரிக் கழிவோடு அன்றைக்கே எரிக்க அனுப்புகிறார்கள்.